சாட்பாட் கைமாறும்போது எழுதி வைக்க வேண்டியவை

ஒரு நிறுவனத்தின் சாட்பாட்டை இதுவரை பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போகும்போது, அடுத்து வருபவருக்காக எழுதி வைத்துவிட்டுப் போவது பொறுப்பு ஒப்படைப்பு ஆவணம். அதில் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்: சாட்பாட்டுக்குத் தரப்பட்டிருக்கும் ப்ராம்ப்ட், அது தகவல் எடுக்கும் மூலங்கள், இதுவரை தெரியவந்த தவறுகள், யாரை எதற்குக் கேட்பது என்ற விவரம். மற்ற மென்பொருள்களுக்கும் இப்படி ஆவணம் எழுதுவது வழக்கம்தான். ஆனால் அவற்றில் நிரல் வரிகளைப் படித்தே பெரும்பாலானதைப் புரிந்துகொள்ளலாம். சாட்பாட்டில் அது முடியாது. அதன் நடத்தை, எழுதிய கட்டளை, சேர்த்த ஆவணங்கள், பின்னால் இயங்கும் மொழி மாதிரி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாகிறது. பிழை பதிலில் தெரியும். காரணம் வேறெங்கோ இருக்கும். அந்த இடத்தைக் காட்டுவதே இந்த ஆவணத்தின் முதல் வேலை.

உதாரணமாக, ஒரு கலைக் கல்லூரியின் சேர்க்கைக்கால சாட்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரும் மாணவர்களும் கட்டணம், கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள், விடுதி பற்றி அதனிடம் கேட்கிறார்கள். கல்லூரி தந்த பிடிஎஃப் கோப்புகள் சின்னச் சின்னப் பகுதிகளாக வெட்டப்பட்டு ஒரு தேடல் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி வந்ததும் அதற்கு நெருக்கமான நான்கைந்து பகுதிகளைத் தேடல் எடுத்துத் தருகிறது. ப்ராம்ப்ட்டும் அந்தப் பகுதிகளும் கேள்வியும் ஒன்றாக மொழி மாதிரிக்குப் போகின்றன. அது பதிலை எழுதுகிறது. இன்று நிறுவனங்களில் இயங்கும் தகவல் சாட்பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் இயங்குகின்றன.

முதல் பகுதி ப்ராம்ப்ட். பயனர் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் நிற்கும் கட்டளை அது. கல்லூரி சாட்பாட்டின் ப்ராம்ப்ட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
நீ கல்லூரிச் சேர்க்கை உதவியாளர்.
கீழே தரப்பட்ட பகுதிகளில் உள்ளதை மட்டுமே வைத்துப் பதில் சொல்.
விடை அங்கே இல்லையென்றால், "இந்தத் தகவல் என்னிடம் இல்லை;
சேர்க்கை அலுவலகத்தைக் கேளுங்கள்" என்று சொல்.
கட்டணம் சொல்லும்போது கல்வியாண்டையும் சேர்த்துச் சொல்.
இடம் கிடைக்குமா என்று கணிக்காதே.
```

இதை அப்படியே நகலெடுத்து ஆவணத்தில் ஒட்டினால் போதாது. ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்பதும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘இடம் கிடைக்குமா என்று கணிக்காதே’ என்ற வரி முதலில் இருந்திருக்காது. யாரோ ஒரு மாணவி தன் மதிப்பெண்ணைச் சொல்லி, இந்தப் பிரிவில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருப்பார். சாட்பாட் ‘நிச்சயம் கிடைக்கும்’ என்றிருக்கும். அதன் பிறகுதான் அந்த வரி சேர்ந்திருக்கும். இந்தப் பின்னணி தெரியாத புதியவர், ப்ராம்ப்ட் நீளமாகிவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிவிடக்கூடும். தூக்கிய அன்று எதுவும் நடக்காது. அடுத்த சேர்க்கைக் காலத்தில் அதே வாக்குறுதி வேறொரு மாணவிக்குப் போகும்.

எனவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று குறிப்புகள் தேவை: எந்த நாளில் சேர்ந்தது, எந்தக் கேள்வியால் சேர்ந்தது, எடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது. சேர்த்துப் பார்த்துப் பலன் இல்லாமல் கைவிட்ட வரிகளையும் குறிப்பது நல்லது. ‘தவறாகச் சொல்லாதே’ என்று எழுதிப் பார்த்தோம், எந்த மாற்றமும் இல்லை என்ற ஒரு குறிப்பு இருந்தால், புதியவர் அதே வழியில் ஒரு வாரத்தை வீணாக்க மாட்டார்.

ப்ராம்ப்ட் தனியாக நிற்பதில்லை. எந்த மொழி மாதிரிக்காக அது எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். ஒரு மாதிரியிடம் ஒழுங்காக வேலை செய்த கட்டளை, அதே நிறுவனத்தின் அடுத்த மாதிரியிடம் வேறு விதமாக நடக்கும். மாதிரியின் பெயரைத் தேதியிட்ட பதிப்போடு எழுத வேண்டும். வெறுமனே ‘புதியது’ என்று பொருள்படும் பெயரில் இணைத்திருந்தால், கல்லூரியில் யாரும் எதையும் தொடாமலேயே பின்னால் உள்ள மாதிரி மாறிவிடலாம். பழைய பதிப்புகளைச் சேவை நிறுவனங்கள் அவ்வப்போது நிறுத்தவும் செய்கின்றன. நிறுத்தும் நாள் அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஆவணத்தில் இருக்க வேண்டும். பதிலில் எவ்வளவு வேறுபாடு வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் டெம்பரேச்சர் போன்ற அமைப்புகளும் இங்கேதான் சேரும்.

இரண்டாம் பகுதியான தகவல் மூலங்களில்தான் சாட்பாட்டுகளின் கெட்ட பழக்கங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. 2022 நவம்பரில் கனடாவில் பாட்டியை இழந்த ஒரு பயணி, துக்கக் காரியத்துக்குச் செல்வோருக்கான கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா இணையதளத்தின் சாட்பாட்டிடம் கேட்டார். பயணச்சீட்டு வழங்கப்பட்ட 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. ஆனால் அந்தப் பதிலிலேயே இணைக்கப்பட்டிருந்த பக்கத்தில், பயணம் முடிந்த பிறகு சலுகை கிடையாது என்று இருந்தது. அவர் விண்ணப்பித்தார், நிறுவனம் மறுத்தது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல நிறுவனம் வாதிட்டதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. தளத்தில் எந்த இடத்தில் தகவல் இருந்தாலும் அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்து, வட்டியும் கட்டணமும் சேர்த்து 812.02 கனடிய டாலர் தரச் சொன்னது. தொகை சிறியது. ஒரே விதியைப் பற்றி ஒரே தளம் இரண்டு விதமாகப் பேசியதுதான் வழக்கின் மையம்.

ஆகவே மூலங்களின் பட்டியலில் கோப்பின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அது எங்கிருந்து வருகிறது, கல்லூரியில் யாருடைய பொறுப்பு, எந்த நாள்வரை செல்லும், புதியது வந்தால் பழையதை யார் நீக்குவது என்பதும் இருக்க வேண்டும். எந்தக் கோப்புகளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். மாணவர்களின் தொலைபேசி எண்கள் உள்ள தேர்வுப் பட்டியலை முன்பிருந்தவர் ஒதுக்கி வைத்திருப்பார். அதை எழுதாமல் போனால், ‘விடுபட்டிருக்கிறதே’ என்று புதியவர் சேர்த்துவிடலாம்.

இப்போது ஒரு தவறை அடி முதல் நுனி வரை பின்தொடரலாம். ஜூன் மாதம். பி.காம் முதலாண்டுக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு தந்தை கேட்கிறார். சாட்பாட் 18,500 ரூபாய் என்கிறது. அது போன ஆண்டுக் கட்டணம். இந்த ஆண்டு 21,000. புதிய கட்டண அறிவிப்பு வந்த அன்றே கிடங்கில் சேர்க்கப்பட்டுவிட்டது என்று அலுவலகம் சொல்கிறது. புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு முதலில் தோன்றுவது ப்ராம்ப்ட்டைத் திருத்துவது. ‘எப்போதும் புதிய கட்டணத்தையே சொல்’ என்று ஒரு வரி சேர்க்கிறார். பதில் மாறவில்லை. பெரிய எழுத்தில், கடுமையான சொற்களில் எழுதிப் பார்க்கிறார். அப்போதும் 18,500தான்.

மாதிரி பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் கையில் புதிய கட்டணம் வந்து சேரவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க, பதிலைப் பார்க்காமல், அந்தக் கேள்விக்குத் தேடல் எடுத்துத் தந்த பகுதிகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் பதிவு எங்கே இருக்கிறது என்பதை ஆவணம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. பார்த்தால், வந்த பகுதிகள் எல்லாமே பழைய கோப்பிலிருந்து வந்தவை. அடுத்து, கிடங்குக்குள் புதிய கோப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். திரையில் அழகான தமிழாகத் தெரிந்த அந்த அறிவிப்பு, உள்ளே இப்படிக் கிடக்கிறது:

```
jkpo;
```

இது ‘தமிழ்’ என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் மட்டுமே திரையில் வரையப்படும். கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். மனிதக் கண்ணுக்கு அது தமிழ். தேடலுக்கு அது பொருளற்ற எழுத்துக் கூட்டம். ‘பி.காம் கட்டணம்’ என்ற யூனிகோடு கேள்விக்கு அது ஒருபோதும் நெருக்கமாக வராது. யூனிகோடில் ஒழுங்காக இருக்கும் பழைய கோப்பு வந்து நிற்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இந்த எழுத்துருக்கள் இன்னும் பழக்கத்தில் இருப்பதால், தமிழ்ச் சாட்பாட்டைப் பராமரிப்பவர் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பிலும், பிடிஎஃப் ஆன பிறகு எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவது உண்டு. ஒளிவருடி எடுத்த பக்கமாக இருந்தால் உள்ளே எழுத்தே இருக்காது, படம் மட்டும்தான்.

திருத்தம் மூன்று படிகள். கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, எண்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று கண்ணால் சரிபார்த்து, மறுபடி கிடங்கில் சேர்க்க வேண்டும். பழைய ஆண்டுக் கோப்பைக் கிடங்கிலிருந்து நீக்க வேண்டும். வெறுமனே கணினிக் கோப்புறையிலிருந்து நீக்கினால் கிடங்கில் அதன் பகுதிகள் அப்படியே இருக்கும். பிறகு கட்டணம் பற்றிய கேள்வியை வெவ்வேறு சொற்களில் சில முறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை சரியாக வந்தால் போதாது. மொழி மாதிரியின் பதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் இயல்புடையது. கடைசியில், ப்ராம்ப்ட்டில் அவசரமாகச் சேர்த்த அந்தக் கடுமையான வரியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத இன்னொரு வரியாக அது தங்கிவிடும்.

இந்த அலைச்சல் முழுவதையும் தவிர்த்திருக்கக்கூடிய குறிப்பு சில வரிகள்தான். தெரிந்த தவறுகள் என்ற மூன்றாம் பகுதியில் அது இப்படி இருந்திருக்கலாம்:

```
கேள்வி: பி.காம் முதலாண்டுக் கட்டணம் எவ்வளவு?
தவறான பதில்: போன ஆண்டுத் தொகை
காரணம்: மூலம் (ப்ராம்ப்ட் அல்ல). அறிவிப்பு பாமினியில் வருகிறது.
அறிகுறி: தேடல் பதிவில் புதிய கோப்பின் பகுதி ஒன்றும் இல்லை.
செய்ய வேண்டியது: யூனிகோடுக்கு மாற்றிச் சேர்; பழையதை நீக்கு.
நிலை: ஒவ்வொரு ஜூன் மாதமும் திரும்பும்.
```

நல்ல தவறுக் குறிப்புக்கு அடையாளம், கேள்வி பயனர் கேட்டபடியே இருப்பது. ‘கட்டண விவரங்களில் சில நேரம் பிழை வருகிறது’ என்று எழுதினால் அடுத்தவரால் அதை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியாது. காரணம் நான்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும்: ப்ராம்ப்ட்டிலா, மூலத்திலா, தேடலிலா, மாதிரியிலா. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். ஊகத்தை உறுதியாக எழுதி வைத்தால் புதியவர் அந்தத் திசையிலேயே தேடிக்கொண்டிருப்பார்.

தேடலில் நிகழும் தவறுகளுக்குத் தமிழில் இரண்டு பழக்கமான வடிவங்கள் உண்டு. கைபேசியில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். `hostel la saapadu kaasu evlo` என்று வரும் கேள்விக்கும், ‘விடுதி உணவுக் கட்டணம்’ என்ற கோப்புப் பகுதிக்கும் இடையே தேடல் உறவைக் காண்பது கடினம். கேள்வியை முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுவது ஒரு வழி. இரண்டாவது, தொடர் கேள்வி. கட்டணம் பற்றிக் கேட்டு விடை பெற்றவர் அடுத்து ‘அதுக்குக் கடைசி தேதி?’ என்கிறார். ‘அது’ எது என்று மாதிரிக்கு முந்தைய உரையாடலிலிருந்து தெரியும். தேடலுக்குத் தெரியாது, அந்தச் சொற்களை மட்டும் வைத்துத் தேடி, நூலகப் புத்தகம் திருப்பித் தரும் கடைசித் தேதியைக்கூட எடுத்து வரும். உரையாடலைப் படித்துக் கேள்வியை முழு வாக்கியமாக மாற்றியெழுதும் படி ஒன்றை இடையில் வைத்தால் இது குறையும். அந்தப் படி இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதை ஆவணம் சொல்ல வேண்டும்.

தேடல் கிடங்கைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் இங்கே சேரும். ஒவ்வொரு பகுதியும் எண்களின் வரிசையாக மாற்றப்பட்டே கிடங்கில் இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்வது வேறொரு மாதிரி. அதை மட்டும் புதிதாக மாற்றிவிட்டுப் பழைய கிடங்கை அப்படியே விட்டால், கேள்வியின் எண்களும் பகுதிகளின் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. சில அமைப்புகளில் பிழைச் செய்தியும் வராது. பதில்கள் மட்டும் திடீரென்று சம்பந்தமில்லாமல் போகும். அந்த மாதிரியின் பெயரை எழுதி, ‘மாற்றினால் கிடங்கை முழுவதும் மறுபடி உருவாக்க வேண்டும்’ என்று பக்கத்தில் குறித்து வைப்பது கட்டாயம்.

திருத்த முடியாமல் அப்படியே விட்ட தவறுகளும் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டு பாடப்பிரிவுகளை ஒப்பிடச் சொன்னால் சாட்பாட் ஒன்றை மட்டும் விவரிக்கிறது என்பது தெரிந்தே விடப்பட்டதாக இருக்கலாம். அதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. இந்தப் பட்டியலிலிருந்தே சோதனைக் கேள்விகளும் பிறக்கின்றன. சரியான விடையோடு முப்பது நாற்பது கேள்விகள் இருந்தால் போதும். ப்ராம்ப்ட்டோ மாதிரியோ கோப்போ மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். ‘தகவல் இல்லை’ என்பதே சரியான விடையாக இருக்கும் கேள்விகள் சிலவும் அதில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கம் திரும்பி வந்ததே தெரியாது.

நான்காம் பகுதியான தொடர்புகள் அளவில் சிறியது. பெயரும் எண்ணும் மட்டும் எழுதினால் ஆறு மாதத்தில் பயனற்றுப்போகும். பதவியையும் பொது மின்னஞ்சலையும் சேர்த்து எழுதினால் ஆள் மாறினாலும் நிற்கும். கட்டணம் சரியா என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் யார், விடுதி விதிகளுக்கு யார், சேவை நிறுவனத்தின் மாதாந்தரக் கட்டணம் யாருடைய கணக்கில் போகிறது, பயனர் தன் உரையாடலை அழிக்கச் சொன்னால் யார் பதில் சொல்வது என்பவை தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தியாவில் 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருவதால், கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல.

இவற்றுள் முதலில் எழுத வேண்டியது, சாட்பாட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்தப் பொத்தானில் என்பது. 2024 ஜனவரியில் பிரிட்டனில் டிபிடி என்ற பார்சல் நிறுவனத்தின் சாட்பாட், ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் வாடிக்கையாளரிடம் வசைச்சொல் பேசி, தன் நிறுவனத்தையே திட்டிக் கவிதை எழுதியது. நிறுவனம் அதன் செயற்கை நுண்ணறிவுப் பகுதியை மட்டும் உடனே நிறுத்தியது. இப்படிப் பகுதியை மட்டும் நிறுத்த முடியுமா, நிறுத்தினால் பயனருக்கு என்ன தெரியும், அலுவலகத் தொலைபேசி எண்ணாவது திரையில் வருமா என்பதை ஞாயிற்றுக்கிழமை இரவில் தேடிக் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது.

ஆவணத்தில் இருக்கவே கூடாதது ஒன்று உண்டு. அது கடவுச்சொற்களும் ஏபிஐ சாவிகளும். அவை எந்தப் பாதுகாப்பான பெட்டகத்தில் இருக்கின்றன, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டும். ஆவணம் பலர் கைக்குப் போகும். சாவி வெளியே போனால் அதைப் பயன்படுத்துபவரின் செலவு கல்லூரியின் கணக்கில் ஏறும்.

எழுதி முடித்த ஆவணம் சரியா என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. புதியவர் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சோதனைத் தளத்தில் ஒரு கோப்பை மாற்றி, கேள்விகளை ஓட்டி, பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். முன்பிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. புதியவர் எங்கெல்லாம் நிற்கிறாரோ அங்கெல்லாம் ஆவணத்தில் ஒரு வரி குறைகிறது. அதை அங்கேயே எழுதிச் சேர்க்க வேண்டும். இது முடிந்த பிறகு சாவிகள் மாற்றப்பட்டு, முன்பிருந்தவரின் அனுமதி நீக்கப்பட்டு, சரிபார்த்த தேதி முதல் பக்கத்தில் எழுதப்பட்டால்தான் பொறுப்பு கைமாறியதாகக் கொள்ள வேண்டும்.